அலிபாபா பங்கு: நியூயார்க்கில் வாங்குவதா, ஹாங்காங்கில் வாங்குவதா?

போன மாதம் ஒரு மதிய நேரத்தில் தங்கை சிங்கப்பூரிலிருந்து அழைத்தாள். அவளுடைய புரோக்கர் ஆப்பில் அலிபாபா இரண்டு இடங்களில் தெரிகிறது. நியூயார்க்கில் BABA, ஹாங்காங்கில் 9988. "அண்ணா, ரெண்டும் ஒரே கம்பெனிதானே? கணக்குப் போட்டுப் பார்த்தேன், நியூயார்க்கில் மூணு சதவீதத்துக்கு மேலே மலிவா இருக்கு. அதையே வாங்கிடட்டுமா?" என்றாள். கையில் ஏறக்குறைய 3,000 அமெரிக்க டாலர் வைத்திருந்தாள்.

கேள்வி சரியானது. கணக்கும் சரியாகவே போட்டிருந்தாள். ஆனால் அவள் கண்ட மலிவு உண்மையில் இல்லை. அது ஏன் இல்லை என்று புரிந்துவிட்டால், எந்தச் சந்தையில் வாங்குவது என்ற கேள்விக்கு வேறு காரணங்களை வைத்து விடை தேட வேண்டியிருக்கும். அன்று அவளிடம் பேசியதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இரண்டும் என்ன என்று பார்ப்போம். ஹாங்காங்கில் விற்பது அலிபாபாவின் சாதாரணப் பங்கு. நியூயார்க்கில் விற்பது அந்தப் பங்கே அல்ல, பங்குக்கான ரசீது. ஏ.டி.ஆர். என்றும் ஏ.டி.எஸ். என்றும் சொல்வார்கள். அசல் பங்குகளை ஒரு டெபாசிட்டரி வங்கி தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, அதன் பேரில் டாலரில் விலை போகும் ரசீதுகளை வெளியிடுகிறது. அலிபாபாவுக்கு அந்த வங்கி சிட்டிபேங்க். ஒரு ரசீதுக்கு எட்டுப் பங்கு. 2014-ல் நியூயார்க்கில் பட்டியலானபோது ஒன்றுக்கு ஒன்று என்றுதான் இருந்தது. 2019-ல் ஒரு பங்கை எட்டாகப் பிரித்துவிட்டு, அதே ஆண்டு நவம்பரில் ஹாங்காங்கிலும் பட்டியலிட்டார்கள். அதிலிருந்து எட்டு என்ற விகிதம்.

ஆக, விலையை ஒப்பிடும் கணக்கு இது:

```
ஹாங்காங் விலை × 8 ÷ (1 அமெரிக்க டாலருக்கு எத்தனை ஹாங்காங் டாலர்)
```

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று தங்கை சொன்ன எண்களை முழுமையாக்கிக்கொள்கிறேன். பிற்பகல் 2 மணிக்கு ஹாங்காங்கில் விலை 121 ஹாங்காங் டாலர். எட்டால் பெருக்கினால் 968. மாற்று விகிதம் 7.80. வகுத்தால் 124.10 அமெரிக்க டாலர். திரையில் BABA காட்டியது 120 டாலர். வித்தியாசம் 4.10 டாலர், அதாவது 3.4 சதவீதம்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்த 120 டாலர் எப்போதைய விலை? நியூயார்க் சந்தை கோடையில் சிங்கப்பூர், ஹாங்காங் நேரப்படி இரவு 9:30-க்குத் திறந்து விடிகாலை 4 மணிக்கு மூடுகிறது. குளிர்காலத்தில் இரண்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். ஹாங்காங்கோ காலை 9:30 முதல் மாலை 4 வரை, நடுவில் ஒரு மணி நேரம் மதிய இடைவேளையோடு நடக்கிறது. இரண்டு சந்தைகளின் முக்கிய நேரமும் ஒரு நிமிடம்கூட ஒன்றாக வருவதில்லை. தங்கை பார்த்த 120, பத்து மணி நேரத்துக்கு முன்னால் நடந்த கடைசி வியாபாரத்தின் விலை. அதற்குப் பிறகு ஹாங்காங்கில் பங்கு ஏறிவிட்டது. அந்த விலைக்கு இப்போது விற்க ஆளில்லை.

"சாயங்காலம் நாலு மணிக்கு மேலே ஒரு தடவை BABA-வைப் பார்" என்று மட்டும் சொன்னேன். கோடையில் ஹாங்காங் மூடும் அதே 4 மணிக்குத்தான் நியூயார்க்கின் முன்சந்தை வியாபாரம், அதாவது முக்கிய நேரத்துக்கு முன்னால் நடக்கும் வியாபாரம், தொடங்கும். நாலரைக்கு அவளே ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். கேட்கும் விலை 124-ஐச் சுற்றி நின்றது. மூன்று சதவீதம் போன இடம் தெரியவில்லை.

ஆகவே இடைவெளி உண்மையா என்று பார்க்க ஒரே வழி, இரண்டு விலைகளையும் அடுத்தடுத்த நேரத்தில் எடுப்பது. ஹாங்காங் மூடும் விலையை அன்று மாலை முன்சந்தையோடு ஒப்பிடலாம். இல்லையென்றால் நியூயார்க் மூடும் விலையை அன்று காலை ஹாங்காங் திறக்கும் விலையோடு ஒப்பிடலாம். அப்படிப் பார்த்தால் அலிபாபாவில் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் வெகு கீழான வித்தியாசம்தான் மிஞ்சும்.

அதை அந்த அளவில் பிடித்து வைத்திருப்பது ஆர்பிட்ரேஜ். ஒரே பொருள் ஒரு சந்தையில் மலிவாகவும் இன்னொன்றில் விலை கூடியும் இருந்தால், மலிவான இடத்தில் வாங்கி மற்ற இடத்தில் விற்கும் வேலை. சொல்வதற்குச் சுலபம். இரண்டு சந்தைகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்காதபோது அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது.

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு நியூயார்க்கில் வாங்குபவர்கள் கூடி, ஹாங்காங் விலையைவிட ஒரு சதவீதம் மேலே ரசீதை ஏற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக எந்தச் செய்தியும் இல்லை. ஒரு டீலர் அந்த விலைக்கு ரசீதை ஷார்ட் செய்கிறார், அதாவது கையில் இல்லாததை விற்கிறார். விற்ற கையோடு ஹாங்காங்கில் வாங்க முடியாது, அங்கே நள்ளிரவு. இடைப்பட்ட நேரத்தில் சந்தை முழுக்க ஏறிவிட்டால் அடி விழுமே என்று, ஹாங்காங் சந்தைக் குறியீட்டோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒப்பந்தங்களான ஹாங் செங் ஃபியூச்சர்ஸை வாங்கி வைக்கிறார். ஹாங்காங்கில் அதன் இரவு வியாபாரம் 3 மணி வரை நடக்கும். புதன் காலை 9:30-க்கு ஹாங்காங் திறந்ததும் அசல் பங்குகளை வாங்கிக்கொண்டு ஃபியூச்சர்ஸை விற்றுவிடுகிறார்.

லாபம் இன்னும் கைக்கு வரவில்லை. நியூயார்க்கில் விற்றதை மறுநாளே ஒப்படைக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து அங்கே செட்டில்மென்ட் ஒரு நாள்தான். ஹாங்காங்கில் வாங்கியது இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமைதான் கைக்கு வரும். அதைச் சிட்டிபேங்குக்காக ஹாங்காங்கில் பங்குகளைப் பாதுகாத்து வைக்கும் கஸ்டோடியனிடம் கொடுத்து ரசீதாக மாற்ற வழக்கமாக இரண்டு வேலை நாள். ஆக அடுத்த செவ்வாய்க்கிழமை வரை அவர் ரசீதுகளைக் கடன் வாங்கித்தான் ஒப்படைக்க முடியும். கடனுக்கு வட்டி உண்டு.

இதற்கெல்லாம் என்ன செலவு? 124 டாலர் ரசீது ஒன்றுக்குப் பார்ப்போம். ஹாங்காங்கில் வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.1 சதவீதம், 12 சென்ட். சந்தையின் மற்றச் சின்னக் கட்டணங்கள் சேர்ந்து ஒரு சென்ட். பங்கை ரசீதாக்கச் சிட்டிபேங்குக்கு ரசீதுக்கு 5 சென்ட் வரை. கடன் வட்டிக்கும் கரன்சி மாற்றுவதற்கும் இன்னும் சில சென்ட். எல்லாம் சேர்த்து 20 சென்டுக்குக் கொஞ்சம் மேலே, அதாவது 0.2 சதவீதத்துக்குப் பக்கத்தில். அதற்குக் கீழே உள்ள வித்தியாசத்தை யாரும் தொட மாட்டார்கள். அதைத் தாண்டி ஏறினால் விற்கவும், இறங்கினால் வாங்கவும் ஆட்கள் வந்துவிடுவார்கள். இரவு முழுவதும் சுமக்கும் ஆபத்துக்காக இன்னும் கொஞ்சம் கூலி எதிர்பார்ப்பார்கள், அவ்வளவுதான். பல நேரம் அவர்கள் ரசீதாக மாற்றும் வேலையைச் செய்யக்கூடத் தேவையிருக்காது, அடுத்த நாளே விலை பழையபடி சேர்ந்ததும் எதிர் வியாபாரம் செய்து முடித்துவிடுவார்கள். ஆனாலும் மாற்ற முடியும் என்ற உறுதி இருப்பதால்தான் அவர்கள் துணிந்து இறங்குகிறார்கள்.

அந்த உறுதி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குத் தைவானின் டி.எஸ்.எம்.சி. நல்ல உதாரணம். அதன் ரசீதும் நியூயார்க்கில்தான் வியாபாரமாகிறது, ஒன்றுக்கு ஐந்து பங்கு. 2024-ல் அந்த ரசீது தைபேய் விலையைவிட 20 சதவீதத்துக்கும் மேலே போனது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, நீண்ட காலத்துக்கு. ரசீதைக் கொடுத்துப் பங்காக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தைபேயில் பங்கு வாங்கிப் புதிதாக ரசீது உண்டாக்குவதற்கு அனுமதியும் உச்ச வரம்பும் இருக்கின்றன. விலை கூடியிருப்பது ரசீதில், தேவைப்படுவது புது ரசீது, அடைபட்டிருப்பதும் அதே பாதைதான். ஷார்ட் செய்துவிட்டு வித்தியாசம் குறையும் என்று காத்திருந்தவர்கள், அது 10-லிருந்து 20 ஆனதைத்தான் பார்த்தார்கள்.

நம் ஊர்க் கதையும் இதேதான். இன்ஃபோசிஸ் 1999-ல் நாஸ்டாக்கில் பட்டியலான பிறகு சில ஆண்டுகள் அதன் ஏ.டி.ஆர். இந்திய விலையைவிட 50 சதவீதத்துக்கும் மேலான பிரீமியத்தில் இருந்தது. அப்போது ஏ.டி.ஆரை இந்தியப் பங்காக மாற்றலாம், மாற்றினால் திரும்பப் போக வழியில்லை. 2002-ல் ரிசர்வ் வங்கி இரு வழியும் திறந்தது, அதுவும் ஏற்கெனவே பங்காக மாறிய ரசீதுகளின் எண்ணிக்கைக்குள் மட்டும். போகப் போகப் பிரீமியம் கரைந்தது. ஆகவே ஒரு நிறுவனத்தின் ரசீதை வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இரண்டு பக்கமும் தடையில்லாமல் மாற்ற முடியுமா என்பது. முடியாவிட்டால் நீங்கள் கொடுக்கும் பிரீமியம் கூடவும் செய்யலாம், ஒரு நாள் காணாமலும் போகலாம். நிறுவனம் நன்றாக நடந்தாலும் அதில் உங்களுக்கு நஷ்டம் வரும்.

அலிபாபாவில் இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. எனவே விலையைப் பார்த்துச் சந்தையைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. சரி, அப்புறம் எதைப் பார்ப்பது?

கரன்சியையும் பார்க்க வேண்டியதில்லை. ஹாங்காங் டாலர் 1983 முதல் அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது, 7.75-க்கும் 7.85-க்கும் நடுவில்தான் நகரும். நியூயார்க்கில் வாங்கினால் டாலர் ஏறும்போது லாபம் கிடைக்கும் என்று சிலர் சொல்வதற்கு இந்தப் பங்கில் இடமில்லை.

வரியில் ஒரு பயம் உண்டு. அமெரிக்காவில் வாங்கினால் டிவிடெண்டில் 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்களே என்று தங்கையும் கேட்டாள். அது அமெரிக்க நிறுவனங்களின் டிவிடெண்டுக்கு. அலிபாபா கேமன் தீவுகளில் பதிவான நிறுவனம், ரசீது நியூயார்க்கில் விற்பதால் அது அமெரிக்க நிறுவனம் ஆகிவிடாது.

ஆனால் டிவிடெண்டில் வேறொரு பிடித்தம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. டெபாசிட்டரி வங்கி தன் சேவைக்கு ஆண்டுக்கு ரசீதுக்கு 5 சென்ட் வரை எடுத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் இடமுண்டு. டிவிடெண்ட் கொடுக்கும்போதும் தனியாக ஒரு கட்டணம். 2024 நிதியாண்டுக்கு அலிபாபா ரசீதுக்கு 1.66 டாலர் கொடுத்தது. அதில் 5 சென்ட் போனால் மூன்று சதவீதம். பங்கின் விலையோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை. ஆனால் வருடா வருடம் போகும். ஹாங்காங்கில் இந்தக் கட்டணம் இல்லை, அதற்குப் பதில் வாங்கும்போது ஒரு முறை, விற்கும்போது ஒரு முறை 0.1 சதவீத முத்திரைத் தீர்வை. 124 டாலருக்குச் சமமான எட்டுப் பங்குக்குப் போக வர 25 சென்ட். ஐந்து வருடம் வைத்திருப்பவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்கு மேல் வைத்திருந்தால் ஹாங்காங் மலிவு, அடிக்கடி வாங்கி விற்பவருக்கு நியூயார்க் மலிவு.

அளவு இன்னொன்று. ஹாங்காங்கில் 9988-ஐ 100 பங்கு கொண்ட லாட்டாகத்தான் வாங்க முடியும். 121 விலையில் ஒரு லாட் 12,100 ஹாங்காங் டாலர், சுமார் 1,550 அமெரிக்க டாலர். நியூயார்க்கில் ஒரே ஒரு ரசீதுகூட வாங்கலாம். மாதம் 200 டாலர் என்று சிறுகச் சேர்ப்பவருக்கு ஹாங்காங் சரிப்பட்டு வராது. இந்தியாவில் இருந்துகொண்டு வெளிநாட்டில் முதலீடு செய்பவர்களுக்கும் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்குதான் சுலபமாகக் கிடைக்கிறது, அவர்களுக்கு இந்தத் தேர்வே எழாமல் போகலாம்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது, நியூயார்க் பக்கம் ஒரு நாள் மூடிவிட்டால் என்ன ஆகும் என்பது. இது கற்பனை அல்ல. 2020 நவம்பரில் அமெரிக்க அதிபர் கையெழுத்திட்ட ஓர் ஆணையைத் தொடர்ந்து, சைனா மொபைல், சைனா டெலிகாம், சைனா யூனிகாம் மூன்றின் ரசீதுகளும் 2021 ஜனவரி 11-ம் தேதி நியூயார்க்கில் வியாபாரமாவது நின்றது. முடிவு இடையில் ஒரு முறை மாறி மறுபடியும் மாறியதால், எல்லாம் சில நாட்களுக்குள் நடந்தது. ரசீது வைத்திருந்தவர்களின் சொத்து அழிந்துவிடவில்லை, அதன் பின்னால் ஹாங்காங் பங்கு இருந்தது. ஆனால் அவசர அவசரமாக விற்கவோ ஹாங்காங் பங்காக மாற்றவோ வேண்டியிருந்தது. ஹாங்காங் பங்கை நேரடியாக வைத்திருந்தவருக்கு அந்த ஓட்டம் இல்லை. அதைவிட மோசமானது ரஷ்ய நிறுவனங்களின் ரசீதுகளுக்கு 2022-ல் நடந்தது. போருக்குப் பிறகு நியூயார்க்கிலும் லண்டனிலும் வியாபாரம் நின்றது, பங்காக மாற்றும் பாதையும் வெளிநாட்டுக்காரர்கள் பலருக்கு அடைபட்டது. ரசீது கையில் இருந்தும் அதை வைத்து எதுவும் செய்ய முடியாமல் போனது.

அலிபாபாவுக்கு அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. சீன நிறுவனங்களின் தணிக்கைக் கோப்புகளைப் பார்க்க முடியவில்லை என்ற தகராறு 2022 டிசம்பரில் அமெரிக்கத் தணிக்கைக் கண்காணிப்பு வாரியத்துக்கு முழு அனுமதி கிடைத்ததும் தணிந்தது. ஆனால் கோப்புகளைக் காட்டாத நிறுவனங்களை அமெரிக்கச் சந்தையிலிருந்து நீக்கச் சொல்லும் சட்டம் அப்படியே இருக்கிறது. இன்னொரு பக்கம் 2024 ஆகஸ்டில் அலிபாபா ஹாங்காங்கையும் தன் முதன்மைப் பட்டியலாக ஆக்கிக்கொண்டது. அடுத்த மாதமே சீனப் பெருநில முதலீட்டாளர்கள் பெருநிலச் சந்தைகளை ஹாங்காங்கோடு இணைக்கும் ஸ்டாக் கனெக்ட் வழியாக அதை வாங்க ஆரம்பித்தார்கள். அவர்கள் வாங்குவது ஹாங்காங் பங்கை மட்டுமே. முன்பு ஹாங்காங் நியூயார்க்கின் பின்னால் ஓடும். இப்போது பகலில் ஹாங்காங் விலையை நிர்ணயித்துவிட்டு இரவில் நியூயார்க் அதைப் பின்தொடரும் நாட்களும் நிறைய.

இதை வைத்துத்தான் தங்கைக்கு ஹாங்காங் என்று சொன்னேன். இரண்டு லாட் 3,100 டாலர், அவளுடைய தொகைக்குக் கிட்டத்தட்டச் சரி. பல வருடம் வைத்திருக்கப் போகிறாள். பகலில், தூக்கம் கெடாமல் வாங்கலாம்.

அப்போதுதான் அவள் இன்னொன்றைச் சொன்னாள். பழைய கணக்கில் முன்பே வாங்கிய 30 ரசீதுகள் இருக்கின்றன. "அதையும் ஹாங்காங்குக்கு மாத்திடலாமா?"

இங்கே எட்டு என்ற எண் கொஞ்சம் தொல்லை தரும். 30 ரசீது என்றால் 240 பங்கு, இரண்டு லாட் போக 40 பங்கு மீதி. லாட்டுக்குக் குறைந்த பங்கைத் தனிச் சந்தையில் விலை குறைத்துத்தான் தள்ள வேண்டும். ஆகவே 25 ரசீதின் மடங்கில் மாற்றுவதுதான் நல்லது. 25 ரசீது என்றால் சரியாக 200 பங்கு, மீதி ஐந்தை நியூயார்க்கிலேயே விற்றுவிடலாம்.

25 ரசீதை மாற்ற டெபாசிட்டரி வங்கிக்கு அதிகபட்சம் 1.25 டாலர்தான். ஆனால் புரோக்கர் தனியாக ஒரு கட்டணம் வாங்குவார், அது எத்தனை ரசீது என்பதைப் பொறுத்ததல்ல, கோரிக்கை ஒன்றுக்கு இவ்வளவு என்று இருக்கும். அவளுடைய புரோக்கரிடம் விசாரித்தால் 100 டாலருக்கு மேல் சொன்னார்கள். அதற்குப் பதிலாக நியூயார்க்கில் 25-ஐயும் விற்று, ஹாங்காங்கில் 200 பங்கு வாங்கினால்? முத்திரைத் தீர்வை 3.10 டாலர், இரண்டு பக்கக் கமிஷன் சில டாலர். சிங்கப்பூரில் அவளைப் போன்ற சாதாரண முதலீட்டாளருக்கு மூலதன லாப வரி இல்லை. விற்று வாங்குவதே மலிவு. இதுவே 2,500 ரசீது வைத்திருப்பவருக்குத் தலைகீழ். தீர்வை மட்டும் 310 டாலர் ஆகும், மாற்றுவதற்கோ 125 டாலரோடு அதே 100 சொச்சம்தான். லாபத்துக்கு வரி கட்ட வேண்டிய நாட்டில் இருப்பவர் விற்கும் முன் அந்த வரியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விற்று வாங்கும் வழியில் ஒரு ஆபத்து, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் விற்றால் மறுநாள் காலை 9:30 வரை கையில் பங்கு இல்லை. அந்தப் பதினொன்றரை மணி நேரத்தில் ஏதாவது செய்தி வந்து விலை ஏறிவிட்டால், சேமித்த 100 டாலரும் போகும், மேலும் போகும். டீலர் ஃபியூச்சர்ஸ் வாங்கித் தப்பிக்கும் அதே இடைவெளிதான் இது. தங்கையிடம் அந்த வசதி இல்லை. ஆனால் அவளிடம் 3,000 டாலர் ரொக்கம் இருந்தது. அதனால் வரிசையை மாற்றச் சொன்னேன். பிற்பகல் 3:30-க்கு மேல், ஹாங்காங் மூடும் முன் ரொக்கத்தில் 200 பங்கு வாங்கு. அன்று இரவே நியூயார்க் திறந்த பிறகு 25 ரசீதை விற்றுவிடு. இடைவெளி ஆறு மணி நேரமாகச் சுருங்கும். அந்த நேரத்தில் பங்கு கையில் இரண்டு மடங்காக இருக்கும், இல்லாமல் இருக்காது. எப்படியும் இன்னும் இரண்டு லாட் வாங்கத்தான் போகிறாள் என்பதால் அது அவளுக்கு ஆபத்தாகவும் படவில்லை. விற்ற பணம் மறுநாள் கணக்கில் வந்ததும் அடுத்த இரண்டு லாட்.

இரண்டு முறையும் மார்க்கெட் ஆர்டர் வேண்டாம், விலை குறிப்பிட்டு லிமிட் ஆர்டர் போடு என்றேன். நியூயார்க்கில் விற்கும் விலையை அவளே கணக்கிட்டாள்: ஹாங்காங்கில் அன்று மூடிய விலை, எட்டால் பெருக்கி, 7.80-ஆல் வகுத்தது. அதற்கு 20 சென்ட் கீழே லிமிட் வைத்தாள். சந்தை திறந்த நான்காவது நிமிடத்தில் விற்றுவிட்டதாக மெசேஜ் வந்தது.